சுருள், நீள்வட்ட விண்மீன் மண்டலங்கள்: வேறுபாட்டின் காரணம்

கேள்வி: சுருள் மண்டலங்கள் தட்டையாகவும் நீலமாகவும், நீள்வட்ட மண்டலங்கள் உருண்டும் சிவந்தும் முதிய விண்மீன்களோடும் இருப்பது ஏன்?

முதன்மைக் காரணம் குளிர்ந்த வாயுவின் இருப்புதான். வாயு மேகங்கள் மோதி ஆற்றலை இழந்தாலும் சுழற்சியை எளிதில் இழப்பதில்லை. ஆகவே அவை மெல்லிய தட்டாகப் படிகின்றன, அங்கே பிறக்கும் விண்மீன்களும் அதே தளத்தில் சுற்றுகின்றன. எம்51 சுருள் மண்டலத்தின் படத்தில் கைகளை ஒட்டி இளஞ்சிவப்புத் திட்டுகளும் நீல விண்மீன் கொத்துகளும் தெரியும். நீல ஒளி தரும் பெருநிறை விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் மடிந்துவிடுவதால், அந்த நீலம் அண்மைக்காலப் பிறப்பின் அடையாளம்.

கன்னி எனும் விண்மீன் மண்டலக் கொத்தின் நடுவிலுள்ள எம்87 நீள்வட்ட வகை. பல மண்டலங்கள் இணைந்து அது வளர்ந்தது. விண்மீன்கள் வாயுவைப் போல மோதி அடங்குவதில்லை. எனவே இணைப்பில் அவற்றின் பாதைகள் எல்லாத் திசைகளிலும் கலைந்து, மொத்த வடிவம் உருண்டது. வாயு அங்கே ஏராளமாக உண்டு, ஆனால் அது கோடி டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் எக்ஸ் கதிர்களை வீசுகிறது. மையக் கருந்துளையிலிருந்து பீறிடும் தாரை அதைக் குளிரவிடாமல் தடுக்கிறது. குளிர்ந்த வாயு இல்லாமல் புதிய விண்மீன்கள் ஏறத்தாழப் பிறக்காததால், சுமார் 1,000 கோடி ஆண்டு வயதுடைய செந்நிற விண்மீன்களே மிகுந்துள்ளன.

நிறத்தை மட்டும் வைத்து வயதை முடிவுசெய்யக் கூடாது. தூசி இளம் விண்மீன்களையும் சிவப்பாகக் காட்டும் என்பதால், நிறமாலையையும் ஆராய வேண்டும்.