எல்எம்35 அளவு அரை டிகிரி தாவுவது ஏன்?

"ஆர்டுயினோ ஊனோவில் எல்எம்35 வெப்பநிலை 30.3, 30.8 என்று தாவுகிறது. சராசரி எடுத்தால் சரியாகுமா?"

பாதிதான் சரியாகும். ஊனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். எல்எம்35 ஒரு டிகிரிக்குத் தருவதோ 10 மில்லிவோல்ட். தாவல் அந்த ஒரு படிதான். முதலில் இதைப் போடுங்கள்:

```
analogReference(INTERNAL);
```

வரம்பு 1.1 வோல்ட்டாகச் சுருங்கி, படி 0.1 டிகிரி ஆகும். அப்புறம் 16 வாசிப்புகளின் சராசரி எடுத்தால் தற்செயல் இரைச்சல் நாலில் ஒன்றாகும்.

ஆனால் சராசரிக்குப் பிடிபடாத பிழை ஒன்று உண்டு. யூஎஸ்பியின் 5 வோல்ட்டையே வரம்பாக விட்டு, அது நிஜத்தில் 4.8 ஆக இருந்தால், 30 டிகிரி 31-ஐத் தாண்டிக் காட்டும். ஆயிரம் வாசிப்பு எடுத்தாலும் அப்படியேதான். அந்த 1.1-உம் சிப்புக்குச் சிப்பு மாறும். AREF முனையில் மல்டிமீட்டரால் ஒருமுறை அளந்து, அந்த எண்ணையே கணக்கில் போடுங்கள்.