3x-உம் 5x²-உம் ஏன் சேர்வதில்லை? கேள்வி பதில்

ஏழாம் வகுப்பு மாணவியின் அம்மா: 7x² − 4x + 3 − 2x² + 9x − 8 என்ற கணக்கை என் மகள் 5x² + 5x − 5 வரை கொண்டுவந்தாள். அப்புறம் இன்னொரு வரி போட்டு 10x³ − 5 என்று முடித்தாள். விடை தப்பாம். எங்கே தப்பு?

கடைசி வரியில் மட்டும்தான். அதற்கு முன் அவள் செய்தது எல்லாம் சரி. ஒவ்வோர் உறுப்பையும் அதன் முன்னால் இருக்கும் குறியோடு சேர்த்தே நகர்த்தியிருக்கிறாள். 7x² உடன் −2x² சேர்ந்து 5x², −4x உடன் 9x சேர்ந்து 5x, 3 உடன் −8 சேர்ந்து −5. பலரும் −4x-இன் கழித்தல் குறியை விட்டுவிட்டு 13x என்று எழுதுவார்கள். அவள் அங்கே தடுமாறவில்லை.

பிறகு 5-ஐயும் 5-ஐயும் கூட்டினாள், அடுக்குகளையும் கூட்டினாள். அடுக்குகளைக் கூட்டுவது பெருக்கலில்: x × x² என்றால் x³. இங்கே நடுவில் இருப்பது கூட்டல் குறி.

அவளையே கண்டுபிடிக்க வையுங்கள். x இருக்கும் இடத்தில் எல்லாம் 2 போடச் சொல்லுங்கள். கேள்வியில் 28 − 8 + 3 − 8 + 18 − 8, அதாவது 25. 5x² + 5x − 5 என்ற வரியிலும் 20 + 10 − 5 = 25. கடைசி வரியில் 80 − 5 = 75. எந்த வரியில் எண் மாறுகிறதோ அங்கேதான் தப்பு.

எட்டாம் வகுப்பு மாணவன்: சார், x²-இலும் x-தானே இருக்கிறது? அப்புறம் ஏன் சேராது?

நல்ல சந்தேகம், தம்பி. 3x என்றால் x மூன்று தடவை, 5x என்றால் ஐந்து தடவை. இரண்டையும் கூட்டினால் எட்டுத் தடவை. x எந்த எண்ணாக இருந்தாலும் இந்த எட்டு மாறாது, அதனால் தைரியமாக 8x என்று எழுதலாம்.

இப்போது 3x + 5x²-ஐப் பார். x² என்பதும் x-தான், ஆனால் அது x தடவை. அப்படியானால் மொத்தம் எத்தனை தடவை? 3 + 5x தடவை. x = 2 என்றால் 13 தடவை, x = 10 என்றால் 53 தடவை. x முன்னால் எழுத நிலையான ஓர் எண் கிடைப்பதில்லை. x(3 + 5x) என்று எழுதலாம். அடைப்புக்குள் இருப்பதை ஒரே எண்ணாக்க முடியாது.

டியூஷன் ஆசிரியர்: நானும் 2 போட்டுத்தான் சரிபார்க்கச் சொல்வேன். ஒரு பையன் x + x² = 3x என்று எழுதி, "2 போட்டால் இரண்டு பக்கமும் 6 வருகிறது, சரிதானே?" என்கிறான்.

உங்கள் முறை பாதிதான் காக்கும். எண் பொருந்தாவிட்டால் விடை தப்பு, அது உறுதி. ஒரே ஓர் எண்ணுக்குப் பொருந்தியது என்பதால் விடை சரி என்று ஆகாது. 2-இன் வர்க்கமும் 2-இன் இருமடங்கும் 4 என்பதால் அங்கே தற்செயலாகப் பொருந்திவிட்டது. 3 போடச் சொல்லுங்கள்: ஒரு பக்கம் 12, மறுபக்கம் 9.

இதைவிட மோசம் 0-உம் 1-உம். முதல் கேள்வியில் வந்த 5x² + 5x − 5, 10x³ − 5 இரண்டிலும் 1 போட்டால் 5, 0 போட்டால் −5. தப்பு கண்ணிலேயே படாது. எத்தனை அடுக்கு போட்டாலும் அந்த இரண்டு எண்களும் அப்படியே இருப்பதுதான் காரணம். 10 போட்டால் 545-உம் 9995-உம் வரும். நான் 3 அல்லது 10 போடச் சொல்வேன்.

ஒரு தாத்தா: எங்கள் காலத்தில் x மாம்பழம், x² வாழைப்பழம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பேத்தி "மூன்று மாம்பழமும் இரண்டு வாழைப்பழமும் சேர்த்தால் ஐந்து பழம்" என்கிறாள்!

அவள் சொல்வது நியாயம்தான். x ஒரு பழம் அல்ல, ஓர் எண். பழம் என்று எடுத்துக்கொண்டால் x-ஐ x-ஆல் பெருக்குவதற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. அந்த உவமையை விட்டுவிட்டு எண் போட்டுக் காட்டுங்கள்.

கல்லூரித் தேர்வுக்குத் தயாராகும் ஒருவர்: 5x² + 5x − 5-இல் x எவ்வளவு? சூத்திரத்தில் போட்டால் வேர்க்குறி வருகிறது.

அதை நீங்கள் பூஜ்யத்துக்குச் சமமாக்கியிருக்கிறீர்கள். கேள்வியில் சமக்குறியே இல்லை. சுருக்குக என்று மட்டும் கேட்டால் x எதுவாகவும் இருக்கலாம், கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

முதலில் கேட்ட அம்மா மீண்டும்: அவள் தோழி 5(x² + x − 1) என்று எழுதினாள். அவளுக்குப் பாதி மதிப்பெண்தான் தந்தார்கள். அது ஏன்?

மதிப்பு ஒன்றுதான், நான் திருத்தினால் முழு மதிப்பெண் தருவேன். ஒத்த உறுப்புகளைச் சேர்ப்பதோடு நிறுத்த வேண்டும் என்று அந்த ஆசிரியர் நினைத்திருக்கலாம். எது அதிகம் சுருங்கிய வடிவம் என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. வினாத்தாளில் என்ன அறிவுறுத்தல் இருந்தது என்று பார்த்துவிட்டு அவரிடமே கேளுங்கள்.