எண்ணியது யார், நீங்களா அவரா?

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு ஈரோட்டில் நூல் குடோன் இருக்கிறது. கணக்கு நான் பார்க்கிறேன். மார்ச் 31 அன்று ஸ்டாக் எடுப்பதைக் கூட இருந்து கவனிக்கச் சொல்லி மாமனார் அனுப்பினார். குடோன் பொறுப்பு சின்ன மாமனாருடையது. டேலி லிஸ்டைப் பார்த்து அவர் வாசிக்க, நான் டிக் அடித்தேன். எல்லா ரகமும் சரியாக இருந்தது. வாசல் பக்கம் இருந்த 40-ஆம் நம்பர் நூல் மட்டும் புத்தகத்தில் 412 மூட்டை, நேரில் 398. "14-ஐக் குறைத்து எழுதிவிடு" என்கிறார் சின்ன மாமனார். "வயதில் பெரியவரிடம் வாய் கொடுக்காதே" என்கிறார் கணவர். என்ன செய்வது?

பதில்: 14 மூட்டை இருக்கட்டும் அம்மா. அவர் வாசித்தார், நீங்கள் டிக் அடித்தீர்கள். இதற்கா உங்களை அனுப்பினார்கள்? புத்தகக் கணக்கு கையில் இருந்தால் கண் அதைத்தான் பார்க்கும், அடுக்கி வைத்த மூட்டை அட்டியைப் பார்க்காது. கண்ணெதிரே இருந்த ஒரு ரகத்தில் மட்டும் வித்தியாசம், மற்றதெல்லாம் இம்மி பிசகாமல் சரி என்றால், மற்றதை யாரும் எண்ணவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

மறுபடி எண்ணுங்கள். அளவு அச்சிடாத தாளில் ரகம், லாட் நம்பர், இடம் மட்டும் இருக்கட்டும். எண்ணுபவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர். அட்டியை முன்னால் நின்று பெருக்கிப் பார்த்து முடிக்காதீர்கள். மேலே ஏறச் சொல்லுங்கள், நடுவில் குழி இருக்கும். எண்ணி முடித்த அட்டிக்குச் சீட்டு ஒட்டுங்கள். பிறகு நீங்களே தாளிலிருந்து நாலைந்து வரியை எடுத்து அட்டிக்குப் போய்ப் பாருங்கள். அதேபோல அட்டியிலிருந்து தாளுக்கும் வாருங்கள். தாளில் ஏறாத சரக்கு அப்போதுதான் அகப்படும். எண்ணி முடியும்வரை லாரி ஏற்றுவதோ இறக்குவதோ கூடாது.

இன்று எண்ணுவது மார்ச் 31 கணக்குக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். ஆகும். இன்றைய எண்ணிக்கையோடு ஏப்ரலில் வெளியே போனதைக் கூட்டி, உள்ளே வந்ததைக் கழித்தால் அன்றைய இருப்பு வந்துவிடும். அதற்கு 31-ஆம் தேதியின் கடைசி வரவுச் சீட்டு நம்பரும் கடைசி டெலிவரி செலான் நம்பரும் வேண்டும். குறித்தீர்களா? இல்லையென்றால் இன்றே புத்தகத்தைப் புரட்டுங்கள்.

வித்தியாசம் எப்படி அவிழும் என்பதை உங்கள் எண்ணை வைத்தே சொல்கிறேன். உதாரணத்துக்கு, 31 மாலை லாரியில் 6 மூட்டை விற்பனைக்குப் போயிருக்கும், பில் ஏப்ரல் 1-இல் ஏறியிருக்கும். அது மார்ச் விற்பனை, மார்ச்சிலேயே ஏற்றினால் புத்தகம் 406 ஆகும். 9 மூட்டை ஜாப் ஒர்க் செலானில் நிட்டிங் யூனிட்டில் கிடக்கும். அது உங்கள் சொத்துதான், குறைவு இல்லை. யூனிட்காரரிடம் எழுத்தில் உறுதி வாங்கினால் போதும். அப்படியானால் குடோனில் இருக்க வேண்டியது 397, எண்ணியது 398. ஒன்று கூடுதல் என்று சந்தோஷப்பட வேண்டாம். அதில் 4 மூட்டை வேறு வியாபாரி இறக்கி வைத்ததாக இருந்தால் உங்களுடையது 394 மட்டுமே, நிஜக் குறைவு 3. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும்.

சின்ன மாமனார் சொன்னபடி டேலியில் 'பிசிக்கல் ஸ்டாக்' வவுச்சர் போட்டு 398 ஆக்கியிருந்தால்? அந்த 6 மூட்டை பில் ஏறும்போது இரண்டாம் முறை குறையும். நிட்டிங்கில் உள்ள 9 மூட்டையைக் கேட்க ஆளே இருக்காது. அந்த எண்ணே பேங்குக்குத் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்டிலும் போகும். அதில் கையெழுத்து உங்கள் மாமனாருடையது.

மிஞ்சும் 3-க்கு முதலில் 30-ஆம் நம்பர் அட்டியில் 3 கூடியிருக்கிறதா பாருங்கள். பக்கத்து ரகத்தில் கலந்து கிடப்பது வழக்கம்தான். அங்கும் இல்லையென்றால் இழப்புதான். மூட்டை 60 கிலோ, கிலோ 250 ரூபாய் என்றால் 45,000 ரூபாய். காரணத்தை எழுதி, மாமனாரும் சின்ன மாமனாரும் கையெழுத்திட்ட பிறகு தள்ளுபடி செய்யுங்கள். அந்தச் சரக்குக்கு எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும், பிரிவு 17(5)(எச்). 5 சதவீதம் என்றால் 2,250 ரூபாய்.

பெரியவருக்கு மரியாதை என்பது அவர் சொன்ன எண்ணை எழுதுவதா? காரணம் தெரியாமல் 14-ஐக் குறைத்தால், நாளைக்குச் சொத்துப் பிரிக்கும்போது அது முழுவதும் அவர் தலையில்தான் விழும். அவரைக் காப்பாற்றுவது உங்கள் தாள்தான். மாமனார் முன்னிலையில், சின்ன மாமனாரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். முதுகுக்குப் பின்னால் பேசவே பேசாதீர்கள்.

வாய் கொடுக்காதே என்ற கணவரை மறுபடி எண்ணும் நாளில் கூட்டிப்போங்கள். அட்டி மேல் ஏற ஒரு ஆள் வேண்டும்.