வெறும் வயிற்றில் லிச்சி சாப்பிட்டால் குழந்தைக்குச் சர்க்கரை குறையுமா?

"என் ஆறு வயது மகள் காலையில் எழுந்ததும் லிச்சி கேட்கிறாள். வெறும் வயிற்றில் தின்றால் சர்க்கரை இறங்கிவிடும் என்கிறார்களே, உண்மையா?"

உண்மைதான். ஆனால் பழம் மட்டும் காரணமில்லை. முந்தைய இரவின் பட்டினியும் சேர வேண்டும்.

பீகாரின் முசாபர்பூரில் லிச்சிப் பருவம்தோறும் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து நினைவிழந்தார்கள். 2014இல் 390 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 122 பேர் இறந்தார்கள். பலருக்கு இரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்திருந்தது. பகலெல்லாம் தோப்பில் லிச்சி தின்றுவிட்டு, இரவு சாப்பிடாமலே படுத்த குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம் என்று ஆய்வில் தெரிந்தது.

சாப்பிடாத இரவில் கல்லீரலில் சேமித்த சர்க்கரைதான் கைகொடுக்கும். மெலிந்த குழந்தையிடம் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு உடல் கொழுப்பை எரித்து, அந்த ஆற்றலில் புதிதாகச் சர்க்கரை உண்டாக்க வேண்டும். லிச்சியிலுள்ள ஹைப்போகிளைசின் என்ற பொருள் அந்த வழியையே அடைத்துவிடுகிறது. காயில் இது பழத்தைவிட அதிகம்.

உங்கள் மகள் இரவு நன்றாகச் சாப்பிட்டிருந்தால் சில பழங்களால் பயமில்லை. ஆனாலும் முதலில் இரண்டு இட்லி, பிறகு நன்கு பழுத்த லிச்சி என்று கொடுங்கள். இரவுச் சாப்பாட்டை மட்டும் தவறவிடாதீர்கள். எழுப்பினால் துவண்டு, வியர்த்து, பேச்சுக் குழறினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். நினைவில்லாவிட்டாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றியாக வேண்டும்.