கை நடுக்கம்: சிறுமூளையா, பேசல் கேங்க்லியாவா?

"சிறுமூளைக் கோளாறு, பார்க்கின்சன் இரண்டிலும் கை நடுங்குகிறது, அசைவும் சீராக இல்லை. நோயாளியைப் பார்த்து எப்படிப் பிரிப்பது?"

நடுக்கம் எப்போது வருகிறது என்று பாருங்கள். மடியில் சும்மா கிடக்கும் கை நடுங்கி, டம்ளரை எடுக்கப் போனதும் அடங்கினால் பார்க்கின்சன், அதாவது மூளையின் ஆழத்தில் இருக்கும் நரம்பணுத் தொகுதிகளான பேசல் கேங்க்லியாவில் கோளாறு. சும்மா இருக்கையில் அமைதியாக இருந்து, டம்ளரை நெருங்க நெருங்க ஆட்டம் கூடினால் சிறுமூளை.

இரண்டையும் 'ஒருங்கிணைப்பு' என்ற ஒரே சொல்லில் படித்ததால்தான் குழப்பம் என்று நினைக்கிறேன். பேசல் கேங்க்லியா, அசைவைத் தொடங்க விடுவதையும் அதன் அளவு, வேகத்தையும் பார்க்கிறது. அங்கே டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைந்தால் அசைவு தாமதமாகத் தொடங்கும், மெதுவாக, சிறிதாகப் போகும். ஆனால் இலக்கைத் தொட்டுவிடும். சிறுமூளை, எங்கே பிரேக் போடுவது என்று முன்கூட்டியே கணிக்கிறது. அது கெட்டால் கை இலக்கைத் தாண்டும், திருத்தும், திரும்பவும் தாண்டும். அந்தத் திருத்தங்கள்தான் நடுக்கமாகத் தெரிகின்றன.

அப்புறம், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் 15 முறை வேகமாகத் தட்டச் சொல்லுங்கள். பார்க்கின்சனில் விரல் விரியும் அளவு போகப் போகச் சுருங்கும். சிறுமூளைக் கோளாறில் அது சுருங்கிக்கொண்டே போகாது, தாளம்தான் தப்பும்.

ஒரு எச்சரிக்கை: கையை முன்னால் நீட்டிப் பிடித்தால் பார்க்கின்சன் நடுக்கம் சில விநாடி அடங்கி மறுபடி தலைகாட்டலாம். அதை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.