போன வருட ரேட்டிங்கை மூடிவிட்டு எழுதுங்கள்

கேள்வி: மணலியில் ஒரு கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் யார்டு மேனேஜராக இருக்கிறேன் சார். எனக்குக் கீழே 9 சூப்பர்வைசர்கள். அப்ரைசல் ஃபார்மைத் திறந்ததும் போன வருட ரேட்டிங்தான் கண்ணில் படுகிறது. 4 வாங்கியவருக்கு மறுபடி 4, 2 வாங்கியவருக்கு மிஞ்சினால் 3 என்றே கை போகிறது. இந்த வருட வேலையை மட்டும் வைத்து எப்படி மார்க் போடுவது?

– வாசகர், திருவொற்றியூர்

பதில்: அந்த எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி முடித்துவிட வேண்டும். பார்த்துவிட்டு, 'அதை மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன்' என்று உறுதி எடுப்பது உதவாது. ட்வெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் 1974-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சாட்சி. எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10-ல் நின்றதைப் பார்த்தவர்கள் சொன்ன பதில்களின் நடு எண் 25. 65-ல் நின்றதைப் பார்த்தவர்களுக்கு அது 45. கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத எண்ணுக்கே அந்த இழுப்பு. நீங்களே யோசித்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்த எண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அது இழுக்கும் விதம்தான் முக்கியம். எண்ணைப் பார்த்தவுடன், அதற்குப் பொருந்துகிற சம்பவங்கள் மட்டும் நினைவுக்கு வரும், பொருந்தாதவை ஒதுங்கிவிடும். உங்கள் யார்டிலேயே இரண்டு பேரை வைத்துப் பார்ப்போம். முதலாமவர் போன வருடம் 4. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் தேங்கி நின்ற நாட்களில் கேட்டை ஒழுங்காக நடத்தியவர். இரண்டாமவர் 2. கேட் பாஸில் கன்டெய்னர் நம்பரை அடிக்கடி தப்பாக எழுதியவர். இந்த வருடம் நிலைமை தலைகீழ். முதலாமவர் ஷிஃப்டில் பெட்டி இறங்கிய இடம் ஒன்று, பதிவில் இருக்கும் இடம் வேறு. டெலிவரி எடுக்க வந்த டிரெய்லர் காத்துக் கிடக்க, ரீச் ஸ்டாக்கர் மேலே இருக்கும் பெட்டிகளை நகர்த்தி நகர்த்தித் தேடுகிறது. இரண்டாமவர் ஷிஃப்டில் எந்தப் பெட்டியைக் கேட்டாலும் பதிவில் உள்ள இடத்திலேயே நிற்கிறது, சீல் நம்பரும் சரியாக இருக்கிறது.

4 என்ற எண் கண்முன் இருந்தால், முதலாமவரின் தவறு 'ஆள் பற்றாக்குறை' ஆகிவிடும். 2 கண்முன் இருந்தால், இரண்டாமவரின் ஒழுங்கு 'பரவாயில்லை, இப்போதுதான் தேறுகிறார்' என்று ஆகும். முடிவில் 4-ம் 3-ம் விழும். பதிவேட்டை மட்டும் பார்த்தவர் 3-ம் 4-ம் போட்டிருப்பார்.

ஆகவே வேலையின் வரிசையை மாற்றுங்கள். உங்கள் எச்.ஆரிடம் போன வருட ரேட்டிங் இல்லாத பட்டியலைக் கேளுங்கள். தர மறுத்தால், கம்ப்யூட்டரைத் திறக்காமல் வெள்ளைத்தாளில் வேலையை முடியுங்கள். இருப்பிடப் பதிவு, டிரெய்லர் காத்திருந்த நேரம், பெட்டி சேதம் என்று ஒவ்வொரு தலைப்பாக எடுத்து, அந்த ஒரு தலைப்பில் 9 பேரையும் பார்த்து முடித்த பிறகே அடுத்த தலைப்புக்குப் போங்கள். ஆள் ஆளாகப் போனால் அவருடைய பழைய பெயரும் கூடவே வரும். ஒவ்வொருவருக்கும் இந்த வருடத் தேதியோடு இரண்டு மூன்று சம்பவங்களை எழுதுங்கள். வாக்கியம் முதலில், எண் அப்புறம். ஊழியர் தானே போட்டுக்கொண்ட மார்க்கையும் அதுவரை மூடி வையுங்கள், அதுவும் இழுக்கும்.

உங்கள் ஆட்களின் பழைய எண் உங்களுக்கு ஞாபகம் இருக்கத்தான் செய்யும். அதனால் எண் போட்ட பிறகு ஒரு சோதனை: 'இந்த எண் ஏன் தப்பாக இருக்கலாம்?' என்று கேட்டு, அதற்கான காரணங்களை எழுதிப் பாருங்கள். கார் விலையை மதிப்பிடும் அனுபவசாலிகளிடம் முதலில் ஒரு விலையைச் சொல்லி, அது ஏன் பொருந்தாமல் போகலாம் என்றும் யோசிக்கச் சொன்னபோது, அந்த விலையின் இழுப்பு குறைந்தது என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2000-ல் காட்டியிருக்கிறார்கள். முழுவதும் போகவில்லை, குறைந்தது. அவ்வளவுதான் எதிர்பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைச் சொல்லாமல் எனக்கு ஆறாது. அப்ரைசல் சாஃப்ட்வேர் விற்க வருகிற சில ஆலோசகர்கள், 'மேனேஜருக்கு வேலை மிச்சம்' என்று சொல்லி, போன வருட ரேட்டிங்கையே புது ஃபார்மில் முன்கூட்டி நிரப்பிக் கொடுக்கிறார்கள். மேனேஜர் ஓகே பட்டனை அழுத்தினால் போதும். இன்னும் சிலர் ஒவ்வொரு எண்ணுக்கும் தயாரான வாக்கியங்களைக் கட்டாக விற்கிறார்கள். 4 என்றால் 'பொறுப்புணர்வு மிக்கவர்', 2 என்றால் 'கவனம் தேவை'. எண்ணைப் போட்டால் வாக்கியம் தானே வந்து உட்காரும். ஒரு ஆளின் ஒரு வருட உழைப்பை யாருமே பார்க்காமல் முடித்துவிடுகிற ஏற்பாடு இது. உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒரு டெமோ நடந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: பழைய ரேட்டிங்கை மறைத்து வைக்க இதில் வழி இருக்கிறதா? இல்லை என்றால் வாங்க வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள்.

பழைய எண்ணை அப்படியே போடுவது நியாயம் போலத் தோன்றும் ஒரு நிலைமை உண்டு: நீண்ட விடுப்பு. மகப்பேறு விடுப்பு 26 வாரம் போனவர், விபத்தில் சிக்கி நான்கைந்து மாதம் வராதவர். பல அலுவலகங்களில் இவர்களுக்குப் போன வருட ரேட்டிங்கையே தூக்கிப் போடுகிறார்கள், அல்லது ஒரு படி குறைக்கிறார்கள். இரண்டும் தவறு. வேலை பார்த்த மாதங்களை மட்டும் எடுத்து, அந்த மாதங்களின் தரத்தை மற்றவர்களுக்குப் போட்ட அதே அளவில் பாருங்கள். மொத்த எண்ணிக்கையில் ஒப்பிடாதீர்கள். ஆறு மாதம் வந்தவர் ஆறு மாதப் பெட்டிகளைத்தான் கையாண்டிருப்பார். விடுப்பு என்ற சொல்லே உங்கள் குறிப்பில் வரக்கூடாது. இரண்டு மாதம்கூட வேலை பார்க்காதவர் என்றால் 'மதிப்பிடப் போதிய காலம் இல்லை' என்று எழுதி, இன்கிரிமென்ட்டைத் தனியாகத் தீர்மானிக்கச் சொல்லி மேலே அனுப்புங்கள். ஃபார்மில் அதற்கு இடம் இருக்காது. கைப்பட எழுதுங்கள்.

எல்லோருக்கும் எண் போட்ட பிறகு பழைய பட்டியலைத் திறக்கலாம். சிலருக்கு அதே எண் வந்திருந்தால் பயப்பட வேண்டாம். ஒரே சீராக வேலை செய்கிறவர்கள் உண்டு. எண்ணை வேண்டுமென்றே மாற்றுவதும் அநியாயம்தான். 9 பேருக்கும் அதே எண் என்றால் மட்டும் தாளை மறுபடி எடுங்கள். 2 வாங்கியவருக்கு 4 வந்துவிட்டதே, 'நடுவில் 3 போடுவோம்' என்று தோன்றும். போடாதீர்கள், மூடி வைத்த எண் அந்த வழியாகத்தான் திரும்பி உள்ளே வருகிறது. மாறியதற்குக் காரணமான சம்பவங்களை மட்டும் பக்கத்தில் எழுதுங்கள்.

தலைமை அலுவலகம் கடைசி நேரத்தில் ஃபார்மை அனுப்பி, நாலு நாளில் கொடு என்று நெருக்குகிறது. இன்கிரிமென்ட் பட்ஜெட்டை அதற்கு முன்பே முடித்து வைத்திருக்கிறது. இந்த முறையில் மேனேஜர் பழைய எண்ணைப் பிடித்துக்கொள்வதில் ஆச்சரியம் என்ன? அதற்காக அடுத்த வருடமும் காத்திருக்காதீர்கள். ஏப்ரல் முதலே ஒரு நோட்டில் மாதக் கடைசியில் ஆளுக்கு இரண்டு வரி எழுதி வையுங்கள். 4-லிருந்து 3-க்கு வந்தவர் உங்கள் முன்னால் உட்கார்ந்து, 'போன வருடம் நல்லா இருந்தேனே சார், இப்ப என்ன ஆச்சு?' என்று கேட்பார். அந்த நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, தேதிகளை அவரையே படிக்கச் சொல்லுங்கள்.