அரைப்பேரு என்றால் பாதிப் பெயரா?

"அம்மாச்சி எழுதிய துண்டுச்சீட்டின் படத்தில் 'பெரட்டுக்குப் பிந்தல, கொழுந்து கொறவு, அரைப்பேருதான்' என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?"

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பேர் என்றால் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் விழும் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேருதான் விழும். இலங்கைத் தோட்டத்து ஆங்கிலத்தில் 'ஹாஃப் நேம்' என்றே சொல்வார்கள். ஆனால் வெளியூர் வாசகருக்கு அது பாதிப் பெயராகத்தான் படும். அதனால் 'ஹாஃப் எ டேஸ் பே' என்று எழுதுங்கள். பெரட்டு காலையில் வேலை பிரிக்கும் கூட்டம், 'மஸ்டர்' சரியாக வரும். கொழுந்தை வெறும் 'லீஃப்' என்றாலே போதும்.

அப்புறம், படத்தைப் பெரிதாக்கி 'பிந்தல'யை ஒருமுறை பாருங்கள். அது 'பிந்தி'யாக இருந்தால் அம்மாச்சி தாமதமாகப் போனதாக அர்த்தம் மாறிவிடும்.